வாக்கில் வந்த எழுத்து: சீக்கியர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் வைப்பது

கேள்வி: லூதியானாவில் என்னோடு வேலை பார்க்கும் சீக்கிய நண்பருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு குருத்வாராவில் புத்தகத்தைத் திறந்து, வருகிற முதல் எழுத்தில் பெயர் வைக்கப்போகிறார்களாம். எந்த எழுத்து என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? பெயரை யார் தேர்ந்தெடுப்பது? அங்கே அல்வா கொடுப்பார்கள் என்கிறார்கள், நானும் ஏதாவது இனிப்பு வாங்கிப் போகலாமா?

பதில்:

புத்தகம் கொடுப்பது எழுத்தை மட்டும்தான். பெயரை மனிதர்கள்தான் வைக்கிறார்கள். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் அங்கே நடப்பதெல்லாம் சுலபமாகப் புரியும். நம் ஊரில் நட்சத்திரம், பாதம் பார்த்து "சு, சே, சோ, லா" என்று எழுத்து எடுப்பதைப் பார்த்த கண்ணுக்கு இதுவும் அதே வகை என்று தோன்றும். அப்படி இல்லை. குழந்தை பிறந்த நேரத்துக்கும் இந்த எழுத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒரே நாளில் ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு எழுத்து வரலாம். அதே குழந்தைக்கு இந்த ஞாயிறு வரும் எழுத்தும் அடுத்த ஞாயிறு வந்திருக்கக்கூடிய எழுத்தும் வேறாக இருக்கலாம். அதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

குரு கோவிந்த் சிங் 1708ல் நாந்தேடில் காலமாகும் முன், தனக்குப் பின் மனித குரு இல்லை, கிரந்தம் என்ற புனித நூலே குரு என்று வைத்துவிட்டுப் போனார். ஆகவே கிரந்தத்தைத் திறந்து முதலில் கண்ணில் படும் பாடலைப் படிப்பது என்றால், குரு அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குச் சொல்லும் வார்த்தையைக் கேட்பது. அதை ஹுக்கம் அல்லது வாக் என்பார்கள். பெயர் வைக்கும் நாளில் மட்டும் எடுப்பதல்ல இது. ஒவ்வொரு குருத்வாராவிலும் தினமும் எடுக்கிறார்கள், கல்யாணத்தில் எடுக்கிறார்கள், புது வீடு போனால் எடுக்கிறார்கள். உங்கள் நண்பர் வீட்டார் செய்யப்போவது, அந்த வழக்கமான வாக்கிலிருந்து ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வதுதான்.

சரி, எடுக்கும் முறைக்கு வருவோம். மேடையில் விதானத்தின் கீழ், பட்டுத் துணி போர்த்திய நிலையில் குரு கிரந்த் சாகிப் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் கிரந்தி (எல்லோரும் "பாய்ஜி" என்றே கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம்) அர்தாஸ் என்னும் பிரார்த்தனை முடிந்ததும் துணியை விலக்கி, இரண்டு கையாலும் ஏடுகளைப் பிரிப்பார். பக்கம் பார்த்துத் தேடக் கூடாது, பிரிந்த இடம்தான் இடம். மொத்தம் 1430 பக்கம் கொண்ட பெரிய புத்தகம் இது. நடுவாக்கில் கைவைத்துப் பிரிப்பதால் முதல் சில பக்கங்களும் கடைசிப் பக்கங்களும் வாக்காக வருவது அபூர்வம்.

பிரிந்த இரண்டு பக்கத்தில் இடதுபக்கத்தின் மேல்பகுதியில் என்ன பாடல் இருக்கிறதோ அதுதான் வாக். அந்தப் பாடல் முந்தைய பக்கத்திலேயே ஆரம்பித்து இங்கே தொடர்கிறது என்றால், ஏட்டைத் திருப்பி, ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945ல் இறுதி வடிவம் கொடுத்த சீக் ரஹித் மரியாதா என்ற நடைமுறை நூலில் இது தெளிவாகவே இருக்கிறது. 1604ல் அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாகிபில் கிரந்தத்தை முதன்முதலாக வைத்தபோது முதல் கிரந்தியான பாபா புட்டா எடுத்த வாக், "ஸந்தா கே காரஜ் ஆப் கலோயா" என்று தொடங்கும் பாடல் என்பது மரபு. இன்றைய அச்சுப் பிரதியில் அது 783ஆம் பக்கத்தில் ஆரம்பித்து 784க்கும் ஓடுகிறது. ஏடு பிரியும்போது 784ன் மேல்பகுதி கண்ணில் பட்டால், பாய்ஜி ஒரு பக்கம் பின்னால் போய் "ஸந்தா" விலிருந்துதான் தொடங்குவார். எழுத்து, ஸ. பக்கத்தின் தலைப்பில் தொங்கும் பாதி வரியின் முதல் எழுத்தை எடுப்பதில்லை.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். பாடலை வாய்விட்டுப் படிக்கும்போது பாய்ஜி அதன் தலைப்பையும் சேர்த்தே படிப்பார். "ஸோரட் மஹலா பஞ்ச்வா" என்று ஒலிக்கும். ஸோரட் என்பது ராகம். மஹலா ஐந்து என்றால் ஐந்தாம் குருவான குரு அர்ஜன் எழுதியது என்று அர்த்தம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமா ஒருவர் உடனே போனில் "ஸ வந்திருக்கிறது" என்று ஊருக்குச் செய்தி அனுப்பிவிடுவார். அது ராகத்தின் பெயர், பாடல் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதேபோல ஒரு பகுதியின் தொடக்கத்தில் "இக் ஓங்கார் ஸத்குர் பிரஸாத்" என்று வந்தால் அதுவும் கணக்கில் இல்லை. இதையெல்லாம் தாண்டி, பாடலின் முதல் சொல்லின் முதல் எழுத்துதான் வேண்டியது.

இரண்டாவது குழப்பம், பாடலின் பெயராக ஊரே சொல்லும் வரிக்கும் முதல் வரிக்கும் உள்ள வித்தியாசம். பல பாடல்களில் "ரஹாவு" என்ற குறியிட்ட ஒரு வரி இருக்கும், நம் கீர்த்தனையில் பல்லவி மாதிரி. பாடகர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பாடுவார்கள், அதனால் பாடலுக்கு அந்த வரியே பெயராகிவிடும். குழந்தை விஷயத்தில் எல்லோரும் விரும்பும் "பூதா மாதா கீ ஆஸீஸ்" அப்படி ஒன்று, 496ஆம் பக்கம், குரு அர்ஜன் எழுதியது. ஒரு நொடியும் இறைவனை மறக்காமல் இரு, இதுதான் மகனே தாயின் ஆசி என்று போகும். இந்தப் பாடல் வாக்காக வந்தால் எழுத்து ப என்று பாதிப் பேர் நினைப்பார்கள். ஆனால் பாடலின் முதல் வரி "ஜிஸ் ஸிமரத் ஸப் கில்விக் நாஸை" என்று தொடங்குகிறது. எழுத்து ஜ.

மூன்றாவது, "வார்" என்ற நீண்ட பாடல் வகை. அதில் பௌடி என்ற பத்திகள் இருக்கும், ஒவ்வொரு பௌடிக்கு முன்னாலும் சலோக் என்ற சின்னச் சின்னச் செய்யுள்கள் இருக்கும். வாக் ஒரு வாரில் விழுந்தால், அந்தப் பௌடிக்கு முந்தைய முதல் சலோகிலிருந்து தொடங்கிப் பௌடி முடியும்வரை படிக்க வேண்டும். காலையில் குருத்வாராக்களில் பாடும் ஆஸா தீ வாரின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சலோக், "பலிஹாரி குர் ஆப்ணே" என்று ஆரம்பிக்கிறது. பிறகு வரும் பௌடி "ஆபீனை ஆப்" என்று தொடங்குகிறது. எழுத்து, பலிஹாரியின் ப, பௌடியின் ஆ அல்ல.

இங்கே நம் காதுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பலிஹாரியில் வருவது அழுத்தமான ப. குர்முகியில் அதற்கு பப்பா (இரண்டு ப-வும் "பஸ்"ஸில் வருகிற மாதிரி) என்று தனி எழுத்து. பரமேசர் என்று சொல்லும்போது வருவது வேறு எழுத்து, பூபிந்தரில் வருவது இன்னும் வேறு எழுத்து. தமிழில் எல்லாவற்றையும் ஒரே ப-வில் எழுதிவிடுகிறோம். பலிஹாரி வந்த நாளில் நீங்கள் ஆசையாக "பரம்ஜீத்" என்று சொன்னால் அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். பல்ஜீத், பல்விந்தர், பல்பீர் என்று சொன்னால் சரியாக இருக்கும். க, ச, ட, த எல்லாவற்றிலும் இதே கதைதான். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் குர்முகியில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், அதுதான் உத்தமம்.

உயிரெழுத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே குர்முகி தாராளம் காட்டும். ஊடா, ஐடா, ஈடி என்று மூன்றே அடிப்படை எழுத்துகள். உ, ஊ, ஓ மூன்றும் ஊடாவில் ஏறிக்கொள்ளும். அ, ஆ, ஐ, ஔ ஐடாவில். இ, ஈ, ஏ ஈடியில். ஆகவே பாடல் "ஊடத் பைடத்" என்று தொடங்கினாலும் ஓங்கார் என்று பெயர் வைக்கலாம், உஜ்ஜல் என்றும் வைக்கலாம். ஸ வந்தால் ஷவும் சேர்த்தி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் அந்த ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது, ஸ-வின் அடியில் ஒரு புள்ளிதான். ஷரண் என்று வைக்க அந்தப் புள்ளி தடையாக இருப்பதில்லை. ஜ வந்தவர்கள் ஜோராவர் என்று வைப்பதும் இப்படித்தான்.

இனி பெயர். ரஹித் மரியாதா சொல்வது இது: வாக்கின் முதல் எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரைக் கிரந்தி முன்மொழிய வேண்டும், கூடியிருக்கும் சங்கத் அதை ஏற்க வேண்டும், பிறகு அவர் அறிவிக்க வேண்டும். பையனென்றால் பின்னால் சிங், பெண்ணென்றால் கௌர். நடைமுறையில் பாய்ஜி எழுத்தைச் சொல்லிவிட்டு, "ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா?" என்று குடும்பத்தைப் பார்த்துக் கேட்பார். சிலர் அங்கேயே முடிவு செய்வார்கள். சிலர் எழுத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்வார்கள். அப்பாவின் அக்கா, தங்கை, அதாவது பூவா, இதில் பெரிய குரல். பெயர் பிடித்து சபையில் சொன்னதும் "போலே ஸோ நிஹால்" என்று ஒருவர் எடுத்துக்கொடுக்க, எல்லோரும் "ஸத் ஸ்ரீ அகால்" என்று முழங்குவார்கள். அந்த முழக்கம்தான் சபையின் ஒப்புதல்.

உங்கள் நண்பர் மகளுக்கே 496ஆம் பக்கப் பாடல் வந்தது என்று வைத்துக்கொள்வோம். எழுத்து ஜ. சீக்கியப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு துண்டாக இருக்கும். முன்துண்டு ஜஸ் (புகழ்), ஜக் (உலகம்), ஜப் (நாமம் சொல்லுதல்), ஜீவன் என்று ஏதாவது. பின்துண்டு ப்ரீத், தீப், ஜீத், நூர், லீன், வந்த், மீத், இந்தர் என்று ஏதாவது. சேர்த்துப் பாருங்கள்: ஜஸ்ப்ரீத், ஜஸ்நூர், ஜப்லீன், ஜக்தீப், ஜகஜீத். இதில் பெரும்பாலான பெயர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஜஸ்ப்ரீத் சிங்கும் உண்டு, ஜஸ்ப்ரீத் கௌரும் உண்டு. அதனால் பெண் பெயரா ஆண் பெயரா என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சில வீட்டில் எழுத்தோடு நிற்காமல் அந்தப் பாடலுக்குள்ளேயே பெயர் தேடுவார்கள். இந்தப் பாடலின் ரஹாவு வரி "ஜகதீஸ்" என்று முடிகிறது. தாத்தா அதைப் பிடித்துக்கொண்டு ஜகதீஷ் கௌர் என்பார், அம்மாவுக்கு அது பழைய பெயராகப் படும், கடைசியில் ஜக்-கை மட்டும் தாத்தாவிடமிருந்து வாங்கிக்கொண்டு ஜக்தீப்பில் போய் நிற்பார்கள். எனக்கு இந்த வகைப் பேரம் பிடிக்கும். எழுத்து ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் யார் பக்கத்துத் தாத்தா பெயரை வைப்பது என்ற பெரிய சண்டை வர வழியே இல்லை. மிஞ்சுவது சின்னச் சண்டைதான்.

வசதியில்லாத எழுத்து வந்தால்? அப்படியும் வரும். "டாகுர் தும் ஸரணாயி ஆயா" என்பது மிகப் பிரபலமான பாடல். அதன் முதல் எழுத்து மூச்சழுத்தி உச்சரிக்கும் ட. பையனுக்கு டாகுர் சிங் என்று வைக்கலாம், பெண்ணுக்கு அந்த எழுத்தில் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். அந்த மாதிரி நேரத்தில் பாய்ஜியே வழி சொல்வார். அடுத்த சொல்லின் எழுத்தையோ அடுத்த வரியின் எழுத்தையோ எடுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். இந்தப் பாடலில் மூன்றாவது சொல் ஸரணாயி, ஸ கிடைத்துவிட்டால் பெயருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஏட்டை மூடிவிட்டு "இன்னொரு தடவை எடுங்கள்" என்று கேட்பது நல்லதல்ல. குருவின் வார்த்தை பிடிக்கவில்லை, வேறு சொல்லுங்கள் என்று கேட்பதாக ஆகிவிடும். முன்கூட்டியே ஒரு பெயரை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற எழுத்து வரும்வரை காத்திருப்பதும் அதே ரகம். அப்படி மனதில் ஒரு பெயர் இருந்தால், வாக்கில் வந்ததை முறைப்படி வைத்துவிட்டு, ஆசைப்பட்டதை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயராக வைத்துக்கொள்கிறவர்களே அதிகம். பஞ்சாபில் செல்லப்பெயர் இல்லாத ஆளே கிடையாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அமிர்தசரஸிலிருந்து தினமும் வெளியாகும் ஹுக்கம்நாமாவைப் போனில் பார்த்து, குழந்தை பிறந்த அன்றைய பாடலின் எழுத்தை எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அருகில் குருத்வாரா இல்லாதவர்களுக்கு அது உதவிதான். ஆனால் குடும்பமே கூடி, தாயும் குழந்தையும் முன்னால் உட்கார்ந்திருக்க, அவர்களுக்காக அர்தாஸ் செய்து எடுக்கும் வாக் அல்ல அது. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்ல மாட்டேன்.

பெயர் தாமதமானால் சான்றிதழுக்கு என்ன செய்வது என்று நண்பர் கவலைப்பட்டால் சொல்லுங்கள்: பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் அப்போதே இருக்க வேண்டும் என்பதில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதைச் சேர்க்கும்போது கௌர் நடுப்பெயரா, கடைசிப் பெயரா என்று அப்போதே தீர்மானித்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவது முக்கியம். கௌர், சிங் என்பவை கோடிக்கணக்கானவர்களுக்குப் பொதுவானவை என்பதால் வெளிநாட்டு அலுவலகங்கள் தகராறு செய்ததுண்டு. கனடாவின் குடியேற்றத் துறை, சிங், கௌர் மட்டும் கடைசிப் பெயராக இருந்தால் வேறு பெயர் சேர்த்து வரச் சொல்லிக்கொண்டிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2007ல் கைவிட்டது.

நாள் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. இத்தனையாவது நாள் என்று விதி கிடையாது. தாய் எழுந்து நடமாடிக் குளிக்க முடிகிற நிலைக்கு வந்ததும் போகலாம், எத்தனை நாள் ஆனாலும் சரி என்கிறது ரஹித் மரியாதா. பிரசவத் தீட்டையும் ஏற்பதில்லை. பிறப்பும் இறப்பும் அவன் ஆணை, உண்பதும் குடிப்பதும் தூய்மையே என்ற குரு நானக்கின் வரிகளை அங்கேயே எடுத்துக்காட்டுகிறது. அவை ஆஸா தீ வாரில் வருபவை. ஆனால் பஞ்சாபி வீடுகளில் பாட்டிமார்கள் "ஸவா மஹீனா", அதாவது ஒன்றேகால் மாதம், தாயை வெளியே அனுப்புவதில்லை. விதி ஒரு பக்கம், பாட்டி ஒரு பக்கம். பெரும்பாலும் பாட்டிதான் ஜெயிப்பார்.

அன்றைக்கு நடக்கும் வரிசை சிக்கலில்லாதது. குடும்பம் வந்து வணங்கும், மகிழ்ச்சிப் பாடல்கள் இரண்டு பாடுவார்கள். "பர்மேசர் தித்தா பன்னா" ஒன்று. "ஸத்குர் ஸாசே தீயா பேஜ்" இன்னொன்று, 1595ல் மகன் ஹர்கோவிந்த் பிறந்தபோது குரு அர்ஜன் பாடியதாகச் சொல்வார்கள். வீட்டார் முன்பே கிரந்தப் பாராயணம் தொடங்கி வைத்திருந்தால் அதை முடிப்பார்கள். வாக், எழுத்து, பெயர். பிறகு ஆனந்த் சாகிப் என்ற பாடலின் ஆறு பத்திகள், பெயர் சொல்லி ஒரு அர்தாஸ், பிரசாதம். நீங்கள் தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தரையில் உட்கார்ந்தால் போதும். சட்டைப்பையில் சிகரெட், பீடி, பான் எதுவும் இருக்கக் கூடாது, அதில் மட்டும் கண்டிப்பு.

நீங்கள் அல்வா என்று எழுதியிருப்பது கடா பிரசாத். சேர்மானம் மூன்றே: கோதுமை மாவு, நெய், சர்க்கரை, மூன்றும் சம எடை. ஒரு கிலோ மாவு என்றால் ஒரு கிலோ நெய், ஒரு கிலோ சர்க்கரை, தண்ணீர் மூன்று நான்கு லிட்டர். ஏலக்காய் கிடையாது, முந்திரி கிடையாது, கேசரிப் பவுடர் பற்றிப் பேச்சே வேண்டாம். இந்தச் சம அளவு விதியில் எழுதப்பட்டது என்பதால், நெய் விலை ஏறிவிட்டது என்று குறைக்கவும் முடியாது, விருந்தாளி வருகிறார் என்று கூட்டவும் முடியாது.

செய்வதை அடுக்களைப் பக்கம் போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். தலைக்கட்டோடு, வாயில் குருவின் வரிகளை முணுமுணுத்துக்கொண்டே ஒருவர் பெரிய இரும்புக் கடாயில் நெய்யை ஊற்றி, கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த மாவைக் கொட்டி, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருப்பார். பக்கத்து அடுப்பில் சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கும். மாவு முதலில் நெய்யைக் குடித்துவிட்டுக் கட்டியாகக் கிடக்கும். வறுபட வறுபட இளகி, குடித்த நெய்யைத் திரும்ப விடும். நிறம் பாதாம் போல ஆகி, வறுத்த வாசனை வாசல்வரை வந்த பிறகுதான் கொதிக்கும் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றுவார், கடாய் ஒரு தடவை சீறி ஆவி மேலே எழும். அந்த நேரத்தில் முகத்தைக் கிட்டே வைக்கக் கூடாது. பிறகு விடாமல் கிளறினால் சில நிமிடத்தில் சுருண்டு கடாயை விட்டு வந்துவிடும். வெளுத்த நிறத்தில், மேல் அண்ணத்தில் ஒட்டும் பிரசாதம் கையில் விழுந்தால், மாவு சரியாக வறுபடவில்லை என்று அர்த்தம். சின்னச் சின்னக் கட்டி தட்டுப்பட்டால் தண்ணீர் ஆறிப்போய் இருந்திருக்கும்.

ஆனதும் சுத்தமான துணியால் மூடி கிரந்தத்தின் முன் ஒரு மேடையில் வைப்பார்கள். அர்தாஸில் உரிய இடம் வரும்போது ஒருவர் கிர்பான் என்னும் குறுவாளை அதில் லேசாக இறக்கி எடுப்பார். அதற்குப் பிறகுதான் அது பிரசாதம். முதலில் பஞ்ச் பியாரே எனப்படும் குருவின் ஐந்து அன்பர்களுக்கான பங்கு, பிறகு கிரந்தத்தின் பின் அமர்ந்திருப்பவருக்கு ஒரு கிண்ணத்தில், அதன் பிறகு வரிசையாக எல்லோருக்கும். குழந்தையின் தாத்தாவுக்கும் வாசலில் செருப்பு பார்ப்பவருக்கும் ஒரே அளவு, முகம் பார்த்துக் கொடுக்கக் கூடாது என்பதும் எழுதி வைத்த விதிதான். உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்றால் "தோடா" என்று சொன்னால் கொஞ்சமாக வைப்பார்கள். பேப்பர் நாப்கின் தேட வேண்டாம், மிஞ்சிய நெய்யை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வதுதான் அங்கே பழக்கம்.

சில வீட்டில் பிரசாதத்துக்கு முன், சர்க்கரை கரைத்த நீரைக் கிர்பானால் கலக்கி, ஜப்ஜி என்ற காலைப் பிரார்த்தனையின் முதல் ஐந்து பத்திகளைச் சொல்லி, ஒரு துளியைக் குழந்தையின் உதட்டில் வைப்பார்கள். மிச்சத்தைத் தாய் குடிப்பார். இது எல்லா இடத்திலும் இருக்காது. கிரந்தத்தின் பழைய போர்வைத் துணியில் குழந்தைக்குச் சட்டை தைத்துப் போட்டால் நல்லது என்று நம்புகிறவர்களும் உண்டு. ரஹித் மரியாதா அதைச் செய்யவே கூடாது என்கிறது.

கடைசியாக உங்கள் இனிப்பு. கடையில் வாங்கிய பர்பியோ நம் ஊர் மைசூர்பாகோ சபையில் பிரசாதமாக வைக்க முடியாது. சொன்ன முறையில் செய்த கடா பிரசாத்தைத்தான் அங்கே ஏற்பார்கள். உங்கள் பங்கும் இருக்க வேண்டும் என்றால், முதல் நாளே குருத்வாரா அலுவலகத்தில் போய், நண்பர் பெயரைச் சொல்லி, பிரசாதத்துக்கு என்று பணம் கட்டிவிடலாம். ரசீது கொடுப்பார்கள், நேரத்தைச் சொன்னால் அவர்களே செய்து வைத்துவிடுவார்கள். ஆனால் நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பெண்ணின் தாத்தா பாட்டி அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கலாம். மைசூர்பாகை விட்டுவிட வேண்டாம். லங்கர் என்னும் குருத்வாராவின் பொதுப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் நண்பர் வீட்டுக்குத்தான் போவார்கள், அங்கே கொடுங்கள்.